பதிலுக்கு மேலிருந்த சின்னப் பெட்டி

அந்தக் கால்நடை மருத்துவமனையில் அவளை எல்லோரும் மேசையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலைத் திறந்ததும் எதிரே ஒரு மேசை. அதற்குப் பின்னால் அவள். எந்த நாய்க்கு எந்த ஊசி எப்போது போட வேண்டும், எந்தப் பூனைக்காரர் வரிசையில் சண்டை போடுவார், எந்தக் கிளிக்காரர் சொன்ன நேரத்துக்கு வரவே மாட்டார் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். டாக்டர் அவளைவிட வயதில் சின்னவர். ஆனாலும் வந்த நாளிலிருந்து "நீங்க, வாங்க" என்றுதான் பேசுவார். மேசையம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

தன் ஓரகத்தியை அந்த வேலைக்குக் கொண்டுவந்ததும் அவள்தான். கொழுந்தனுக்கு வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம். "என் கொழுந்தன் பொண்டாட்டி, சொன்னதைச் செய்வா, வாயே திறக்க மாட்டா" என்று டாக்டரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். கூண்டு கழுவ, தரை துடைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

இளையவள் வாயைத் திறக்கவில்லைதான். ஆனால் கையை நீட்டினாள். யாரையும் கிட்டே விடாத சடை நாய் ஒன்று அவள் மடியில் தலை வைத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டது. மேசையம்மாவின் மணிக்கட்டில் மூன்று கோடு இழுத்த பூனை, இளையவள் பிடரியைப் பிடித்ததும் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. ஒருநாள் டாக்டர் சிரித்துக்கொண்டே, "உனக்குக் கைராசிம்மா" என்றார். அன்றோடு அதுவே அவள் பெயராகிவிட்டது. வருகிறவர்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று, மேசையம்மாவின் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, "கைராசி இருக்காங்களா?" என்று கேட்டார்கள்.

வீட்டிலும் அதே கதை. மாடியில் இளையவள் குடும்பம், கீழே இவள் குடும்பம், இரண்டுக்கும் நடுவில் மாமியார். "அவ கை பட்டா பூனைகூடத் தூங்கிடுதாமே" என்று மாமியார் சாப்பிடும்போது சொல்வாள். "எனக்கு யார் கை பட்டாலும் தூக்கம் வரல அத்தை" என்று மேசையம்மா பதில் சொல்லி, சட்டியைச் சற்று அழுத்தி வைப்பாள். புருஷன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

வயிற்றெரிச்சல் என்று ஒத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. தப்பைத் தப்பு என்று சொல்கிறோம், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மருத்துவமனைக்கு என்று ஒரு போன் இருக்கும்போது, இவள் தன் சொந்த நம்பரை ஆளாளுக்குக் கொடுப்பது தப்புத்தானே? கேட்டால், "கேக்கிறாங்கக்கா, எப்படி இல்லேங்கிறது" என்றாள். டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர், "பரவால்ல விடுங்க, அவ பொறுமையாத்தானே பதில் சொல்றா" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். 

அப்புறம் பயிற்சி வகுப்பு வந்தது. அறுவை சிகிச்சையின்போது டாக்டருக்குப் பக்கத்தில் நிற்க ஆள் பழக்கும் வகுப்பு. ஓர் இடம்தான். டாக்டர் யாரையும் கேட்கவில்லை. இளையவள் பெயரைக் கொடுத்துவிட்டார். "நீங்க இல்லாம மேசை நடக்காதே" என்றார் இவளிடம். மேசை நடக்காது. கால் இருந்தும் நடக்காதது மேசை ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

வகுப்பின் இரண்டாம் நாள் நடந்தது இது. அன்று டாக்டர் மலைக்குப் பின்னால் இருக்கும் மாட்டுப் பண்ணைக்குப் போயிருந்தார். மாசத்துக்கு ஒருமுறை போவார். அங்கே சிக்னல் வந்தால் வரும், போனால் போகும். இளையவள் வகுப்பில் இருந்தாள். அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மருத்துவமனையில் மேசையம்மா மட்டும்.

மதியத்துக்குச் சற்று முன்னால், பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் தையல்காரர் தன் நாயைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். பட்டாணி என்று பெயர். பெயருக்கு ஏற்ற உருவம். இரண்டு கைக்குள் அடங்கிவிடும். முந்தைய நாள்தான் காலில் சீழ் வைத்த காயத்துக்கு மாத்திரை வாங்கிப் போயிருந்தார்கள். இப்போது வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. தலையைத் தூக்கவே இல்லை.

"வர்ற வழியில ஒருதடவ வாந்தி எடுத்துச்சும்மா," என்றார் தையல்காரர். "காலையில எங்க வீட்டம்மாதான் மாத்திரை குடுத்துட்டு வேலைக்குப் போனா. என்ன குடுத்தா, எவ்வளவு குடுத்தான்னு எனக்குத் தெரியாது."

"போன் போட்டுக் கேளுங்களேன்."

"அவ வேலை பாக்குற இடத்துல போனைப் பெட்டியில வச்சுப் பூட்டிருவாங்க. டீ குடிக்க விட்டப்ப ஒரு படம் அனுப்பியிருக்கா. நாய்க்கு முடியலேன்னா இதைக் காட்டுங்கன்னு. உங்க கைராசியோட பேசினதாம். கண்ணாடி கடையிலேயே இருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியல."

அவர் அந்தப் படத்தை மருத்துவமனைப் போனுக்கு அனுப்பினார். அவர் மனைவியின் போன் திரையை அப்படியே எடுத்த ஸ்கிரீன்ஷாட். மேசையம்மா திறந்தாள். உரையாடலுக்கு மேலே, பேசுகிறவர் பெயர் வரும் இடத்தில், தையல்காரர் மனைவி இளையவளின் நம்பரை எப்படிச் சேமித்து வைத்திருந்தாள் என்பது தெரிந்தது: 'நாய் டாக்டர்.'

அந்த இரண்டு வார்த்தையிலேயே அவளுக்குக் காது சூடாகிவிட்டது. கூண்டு கழுவ வந்தவள் டாக்டராம். அந்தக் கோபத்தோடுதான் கீழே படித்தாள். காய்ச்சல் மாத்திரை என்ற வார்த்தை கண்ணில் பட்டது. அதற்கு அடுத்தே 'குடுக்கலாம்' என்பது பட்டது. போதும் என்று டாக்டரைக் கூப்பிட்டாள். குரல் துண்டு துண்டாக வந்து அறுந்தது. எழுதி அனுப்பினாள்.

"தையல்காரர் நாய் வந்திருக்கு. வாந்தி, எச்சில். நம்ம கைராசி மனுஷங்க போடுற காய்ச்சல் மாத்திரையைக் குடுக்கச் சொல்லியிருக்கா. குடுத்திருக்காங்க."

அனுப்பிய பிறகு நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. டாக்டரின் முகம் மாறுவதைப் பார்க்க முடியவில்லையே என்றுதான் வருத்தம்.

பதில் வந்தது. "அவளா சொன்னா? நம்ப முடியல. அந்தப் பேச்சை அப்படியே அனுப்புங்க."

படத்தை அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் எழுதினார். "படம் திறக்கல. மங்கலா ஒரு கட்டம், நடுவுல வட்டம் சுத்திட்டே இருக்கு. இங்க எழுத்து மட்டும்தான் வருது. அதுல உள்ளதை டைப் பண்ணி அனுப்புங்க. ஒவ்வொரு வரிக்கும் யார் சொன்னதுன்னு பேர் போடுங்க. மேலேருந்து கீழ, வரிசை மாறாம. நேரமும் போடுங்க. சுருக்க வேண்டாம், நீங்களா எதுவும் சேக்கவும் வேண்டாம். என்ன தின்னுச்சு, எவ்வளவு, எப்போ, அது தெரிஞ்சாத்தான் நான் சொல்ல முடியும். ஈறு என்ன நிறம்?"

பட்டாணியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். வெளிர் சிவப்பு. அதை எழுதிவிட்டு, தன் சொந்தப் போனில் படத்தை வாங்கி மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு, மருத்துவமனைப் போனில் டைப் செய்ய ஆரம்பித்தாள்.

முதல் இரண்டு வரியிலேயே தடுமாறினாள். தினமும் அவள் பார்ப்பது மருத்துவமனைப் போன். அதில் வலது பக்கம் வருவதெல்லாம் மருத்துவமனை சொன்னது. அந்தப் பழக்கத்தில் வலப்பக்கத்து வரிக்குக் 'கைராசி' என்று பெயர் போட்டாள். 'பட்டாணிக்கு உடம்பு கொதிக்குது' என்று கைராசி எப்படிச் சொல்வாள்? அப்போதுதான் உறைத்தது. இது தையல்காரர் மனைவியின் போனில் எடுத்த படம். போன் யாருடையதோ அவர் பேச்சுத்தான் வலது பக்கம் வரும். அழித்துவிட்டுப் பெயர்களை மாற்றிப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் 'கைராசி' என்று தன் விரலாலேயே அடிக்க வேண்டியிருந்தது வேறு.

மூன்றாவது வரிக்கு வந்தாள். இடது பக்கம், இளையவளின் பதில்: 'குடுக்கலாம். காலைல பாதி, ராத்திரி பாதி.' அந்தப் பதிலுக்கு மேலே, அதே கட்டத்துக்குள், சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் தையல்காரர் மனைவியின் முதல் கேள்வி, மருத்துவமனை கொடுத்த மாத்திரையைப் பற்றிக் கேட்டது, பொடி எழுத்தில் திரும்ப இருந்தது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்று காட்ட, அந்தக் கேள்வியை அழுத்திப் பிடித்துப் பதில் எழுதினால் வரும் பெட்டி அது. மேசையம்மாவுக்குத் தெரியாததல்ல. தினமும் அவளே செய்கிறாள்.

விரல் நின்றது. அந்தப் பெட்டி இருந்தால், இளையவள் 'குடுக்கலாம்' என்றது மருத்துவமனை மாத்திரையை. பெட்டியை விட்டுவிட்டால், அந்தப் பதில் அதற்கு நேர் மேலே இருக்கும் காய்ச்சல் மாத்திரைக் கேள்வியோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. வரிசையும் மாறவில்லை. பெயரும் சரி. பெட்டிக்குள் இருப்பது ஏற்கெனவே மேலே வந்த வரிதானே, அதை இரண்டு தடவை எதற்கு எழுத வேண்டும்? இப்படி ஒரு நியாயம் தானாகவே வந்து உட்கார்ந்தது. சற்று முன்னால் டாக்டரிடம் சொன்னதும் பொய்யாகாமல் இருக்கும்.

கீழே இளையவளின் இன்னொரு பதிலுக்கு மேலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு அனுப்பினாள். டாக்டருக்குப் போனது இது:

தையல்காரர் மனைவி (8.21): நேத்து குடுத்த மாத்திரையைப் பொடிச்சு சோத்துல கலந்து குடுக்கலாமா
தையல்காரர் மனைவி (8.22): பட்டாணிக்கு உடம்பு கொதிக்குது. நாங்க போடுற காய்ச்சல் மாத்திரை வீட்ல இருக்கு. அதுல ஒண்ணு குடுக்கவா
கைராசி (8.25): குடுக்கலாம். காலைல பாதி, ராத்திரி பாதி
தையல்காரர் மனைவி (8.26): சரி குடுத்துடறேன்
கைராசி (8.34): அதை மட்டும் குடுக்காதீங்க. நாய்க்கு ஆகாது
தையல்காரர் மனைவி (8.36): ஐயோ ரெண்டையும் குடுத்துட்டேனே

கடைசி வரி இளையவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் அவள் திறந்து பார்க்கவில்லை என்பது அதன் கீழிருந்த குறியிலேயே தெரிந்தது. அதற்குள் வகுப்பு வாசலில் போனைக் கொடுத்திருப்பாள். இதை மேசையம்மா எழுதவில்லை.

டாக்டரின் பதில் சீக்கிரமே வந்தது. "குடுக்கலாம்னு சொல்லிட்டு, அப்புறம் குடுக்காதீங்கன்னு மாத்திப் பேசியிருக்காளே. இதை நான் அவகிட்ட எதிர்பார்க்கல. வந்து பேசிக்கிறேன்."

மேசையம்மா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். எத்தனை நாளாகக் காத்திருந்த வரி. தேன் மாதிரி இறங்கியது.

அதற்கு அடுத்த செய்தியும் வந்தது. "நல்லவேளை, காய்ச்சல் மாத்திரை பாதிதான் போயிருக்கு. அதோட எடைக்குப் பாதின்னா பெரிய ஆபத்து வராது. ஈறும் சிவப்பாத்தான் இருக்கு. கூண்டுல போட்டு, தண்ணி வச்சு, பார்த்துக்கிட்டே இருங்க. நான் சாயங்காலம் வந்துடறேன்."

"என்னம்மா சொல்றாங்க டாக்டர்?" என்றார் தையல்காரர்.

"சாயங்காலம்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

பாதி. எங்கிருந்து வந்தது அந்தப் பாதி? காலையில் பாதி, ராத்திரி பாதி என்பது மருத்துவமனை மாத்திரைக்கு. காய்ச்சல் மாத்திரையைப் பற்றிக் கேட்டவள் 'ஒண்ணு குடுக்கவா' என்றுதான் கேட்டாள். கொடுத்தவள் முழுதாகத்தான் கொடுத்திருப்பாள். சின்னப் பெட்டியை எடுத்துவிட்டதும் பதில் மட்டும் இடம் மாறவில்லை. மாத்திரையின் அளவும் அதோடு நகர்ந்துவிட்டது. இளையவளைக் குற்றவாளியாக்கப் போய், நாயின் வயிற்றில் இருந்ததைப் பாதியாக்கிவிட்டாள்.

துண்டுக்குள் பட்டாணி மூச்சு விடுவது தெரிந்தது. வேகமாக, மேலோட்டமாக. தையல்காரர் தன் பெருவிரலால் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த தோல்.

ஒரு கணம், அளவை மட்டும் திருத்தினால் போதுமே என்று நினைத்தாள். 'அவங்க முழுசாக் குடுத்தாங்களாம்' என்று ஒரு வரி. இளையவள் மேல் விழுந்தது விழுந்தபடியே இருக்கும். நினைத்த வேகத்திலேயே அது எவ்வளவு அசிங்கமான நினைப்பு என்றும் தெரிந்தது. தவிர, டாக்டர் கேட்பார்: அது எப்படித் தெரியும், எந்த வரியில் இருக்கிறது? சுருக்க வேண்டாம், சேர்க்க வேண்டாம் என்று அவர் சொன்னது இதற்காகத்தான்.

"டாக்டர், அனுப்பினதுல விட்டுப்போச்சு. முதல்ல அனுப்பினதைப் பார்க்காதீங்க" என்று முதலில் எழுதினாள். பிறகு முழுவதையும் மறுபடி அனுப்பினாள். இந்தத் தடவை மூன்றாவது வரி இப்படிப் போனது: கைராசி (8.25), தையல்காரர் மனைவியோட 8.21 கேள்வியை மேலே வச்சுப் பதில் சொல்றா, "நேத்து குடுத்த மாத்திரையைப் பொடிச்சு சோத்துல கலந்து குடுக்கலாமா": குடுக்கலாம். காலைல பாதி, ராத்திரி பாதி. ஐந்தாவது வரிக்கும் அப்படியே: கைராசி (8.34), 8.22 காய்ச்சல் மாத்திரைக் கேள்விக்குப் பதில்: அதை மட்டும் குடுக்காதீங்க. நாய்க்கு ஆகாது. கடைசி வரியைக் கைராசி இன்னும் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தாள்.

சிக்னல் இழுத்தது. அனுப்பியதற்குப் பக்கத்தில் கடிகாரக் குறி நின்றுகொண்டே இருந்தது. பிறகு போனது.

"முழு மாத்திரையா?" என்று வந்தது. உடனே அடுத்தது. "காத்திருக்கக் கூடாது. பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்கு இப்பவே எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. மாத்து மருந்து அங்கதான் இருக்கு. இந்த எழுத்தை அவர் போனுக்கு அனுப்புங்க, அங்க காட்டட்டும். எடையும் எழுதுங்க. மருத்துவமனையைப் பூட்டிட்டு நீங்களும் கூடப் போங்க."

அவள் பூட்டிவிட்டுக் கூடப் போனாள். ஆட்டோவில் பட்டாணி அவள் மடியில்தான் கிடந்தது. இளையவள் பிடிப்பது மாதிரிப் பிடிக்க முயன்றாள். வரவில்லை. தனக்கு வந்தபடியே பிடித்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் போனில் அந்த எழுத்தைப் படித்தார். சின்னப் பெட்டி வரியில் நிறுத்தி, "சாப்பிட்டது எட்டரை வாக்குல, முழுசா ஒண்ணு, சரி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நாயை உள்ளே கொண்டுபோனார். அதற்குள் ஈறு பழுப்பேற ஆரம்பித்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் என்று அவர் முடிக்காமல் விட்டார். மூன்றாம் நாள் பட்டாணி வீட்டுக்குத் திரும்பியது. வாலாட்டியதா என்று மேசையம்மா கேட்கவில்லை. தையல்காரரே சொன்னார்.

நாய் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஒருநாள் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே, "முதல்ல அனுப்பினப்ப அந்தப் பெட்டி எப்படி விட்டுப்போச்சு?" என்று கேட்டார்.

"அவசரத்துல கண்ணுல படல," என்றாள் மேசையம்மா.

டாக்டர் கையுறையைத் தொட்டியில் போட்டார். "சரி" என்றார். அந்தச் 'சரி'யில் எதுவும் சரியாக இல்லை.

அது அவளை அரித்தது. தையல்காரர் மனைவி இனிப்புப் பெட்டியோடு வந்து, "நீங்க வரிவரியா எழுதினதாலதான் பிழைச்சுதாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டபோது இன்னும் அரித்தது. வகுப்பு முடிந்து இளையவள் திரும்பிய வாரம், இருவரும் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இனிமேல் பொறுக்க முடியாது என்று மேசையம்மா சொல்லிவிட்டாள்.

"அந்தப் பெட்டியை நான் வேணும்னேதான் விட்டேன்."

இளையவள் ஒரு போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். உதறி முடித்து, கொடியில் போட்டு, முனைகளைச் சரிசெய்தாள்.

"தெரியும்க்கா."

"எப்படி?"

"அன்னிக்கு வகுப்பு விட்டதும் டாக்டர் ரெண்டு எழுத்தையும் எனக்கு அனுப்பிக் கேட்டாங்க, எது நிஜம்னு. ரெண்டாவதுதான்னு சொன்னேன். முதல்ல ஏன் அப்படி வந்துச்சுன்னாங்க. பயத்துல டைப் பண்ணினா விட்டுப்போகும்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற என்னக்கா சொல்றது? ரெண்டு பேரும் ஒரே வீட்டுல சோறு திங்கணும்." அவள் அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். "ஆனா வலிச்சுது. நீங்க கூட்டிட்டு வந்த வேலைன்னு நான் ஒருநாளும் மறந்ததில்ல. என்னமோ தெரியாம உங்க இடத்துல வந்து உட்கார்ந்துட்டேன்னு நினைச்சா, நேரா ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்."

மேசையம்மாவுக்கு அழுகை வந்தது. கூடவே, அடியில் வேறொன்றும் கிளர்ந்தது. பெருந்தன்மையிலும் இவள்தான் முந்திக்கொண்டாளா? மன்னிப்பதும் இவள் கைராசிதானா? அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் இளையவள் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

மறுநாள் மேசையம்மா டாக்டரிடம் போய், கண்ணில் படாததல்ல, விட்டதுதான் என்று சொன்னாள். டாக்டர் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. சில மாதங்களுக்கு மருத்துவமனைப் போன் டாக்டரின் அறையிலேயே இருந்தது. மேசைக்கு வருகிறவர்கள் செய்தி அனுப்பியதைப் பற்றிக் கேட்டால், "உள்ளே கேளுங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

இளையவள் இப்போது அறுவை சிகிச்சை அறையில் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கதவு மூடும்போது அவள் முதுகைப் பார்த்து மேசையம்மாவுக்கு இன்றைக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. இப்போது அதைத் தப்புக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொள்வதில்லை. பொறாமை என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். கதவு திறக்க நேரமானால் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் டீ போட்டு வைக்கிறாள். இளையவளுக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும். சில நாள் வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்துப் போடுகிறாள். இளையவள் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுகிறாள்.